பிள்ளை வாங்கிய வைரங்கள்

அப்பாவின் கைபேசியில் விளையாடிய ஒன்பது வயதுப் பையன், 799 ரூபாய் வீதம் மூன்று முறை விளையாட்டு வைரங்களை வாங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். 2,397 ரூபாய் போய்விட்டது. திரும்பக் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். ஆனால் தள்ளிப்போடக் கூடாது.

கூகுள் பிளேயில் வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கேளுங்கள். play.google.com தளத்தில், பணம் போன அதே கணக்கில் நுழைந்து, ஆர்டர் பட்டியலில் வைரம் வாங்கியதைத் தேடி, Report a problem என்பதை அழுத்துங்கள். மூன்று ஆர்டர்களையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். பதில் வரும்வரை பையன் அந்த வைரங்களைச் செலவழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெடு தாண்டிவிட்டால் விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்துக்கு எழுத வேண்டும். கோபத்தில் எழுத வேண்டாம். படிப்பவர் ஒரு சாதாரண ஊழியர். இப்படி எழுதினால் போதும்:

“வணக்கம். என் ஒன்பது வயது மகன், எனக்குத் தெரியாமல் என் கணக்கிலிருந்து மூன்று முறை வாங்கிவிட்டான். ஆர்டர் எண்களும் தேதியும் கீழே உள்ளன. வைரங்களைப் பயன்படுத்தவில்லை. அவற்றை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவிட்டேன்.”

GPA என்று தொடங்கும் ஆர்டர் எண், ரசீது மின்னஞ்சலில் இருக்கும். வைரங்களைச் செலவழித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களுடைய பதிவில் அது தெரியும்.

எடுத்த எடுப்பிலேயே வங்கியில் புகார் செய்யாதீர்கள். விளையாட்டுக் கணக்கே முடக்கப்படலாம். முதலில் எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் சொன்ன கடவுச்சொல் பூட்டை இன்றே போட்டுவிடுங்கள்.