மூணு ஸ்கேன், மூணு கேள்வி

"எம்.ஆர்.ஐ.தானே பெரிய ஸ்கேன், நேரா அதையே எடுத்துட்டா என்ன?" இந்தக் கேள்வி அடிக்கடி வருது. ஒரே ஒரு கேஸை வச்சுப் பார்ப்போம். கேஸ் கற்பனை, ரூட் நிஜம்.

ஏற்காட்டுல கரடியூர் வியூ பாயிண்ட் பார்த்துட்டு ரெண்டு பேர் பைக்ல சேலம் இறங்குறாங்க. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவுல வண்டி சறுக்குது. பின்னாடி இருந்தவர் ஹெல்மெட் போடலை. சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வரும்போது அரை மயக்கம், ரெண்டு தடவை வாந்தி, நாடி 120.

முதல் கேள்வி: வயித்துக்குள்ள ரத்தம் கசியுதா? இதுக்கு அல்ட்ராசவுண்ட். காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலியை வச்சுப் படம் போடுது. திரவத்துல எதிரொலி இல்லை, அதனால கறுப்பாத் தெரியும். கல்லீரலும் வலது சிறுநீரகமும் ஒட்டி இருக்கணும். நடுவுல கறுப்புக் கோடு வந்தா, அடிபட்டவருக்கு அதை ரத்தம்னுதான் எடுத்துக்கணும். பிரஷரும் இறங்கினா நேரா ஆபரேஷன் தியேட்டர். கட்டில் பக்கத்துலயே சில நிமிஷத்துல முடிஞ்சிடும். ஆனா கொஞ்சமா கசிஞ்ச ரத்தம் தெரியாமப் போகலாம். அதனால 'ஒண்ணும் இல்லை'ன்னு வந்தாலும் கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பார்ப்பாங்க. இவருக்கு ரெண்டு தடவையும் கோடு இல்லை. டிரிப்ஸ் ஏத்தினதும் நாடி இறங்குது.

அடுத்து, தலைக்குள்ள ரத்தக்கசிவு இருக்கா? பெரியவங்க மண்டை ஓடு ஒலியைத் தடுத்துடும். இங்கே சி.டி. வேணும். எக்ஸ்ரே குழாய் தலையைச் சுத்தி வரும். எவ்வளவு கதிர் மறுபக்கம் வந்ததுன்னு அளந்து, கம்ப்யூட்டர் துண்டு துண்டா படம் ஆக்கும். புது ரத்தம் மூளையைவிட அதிகக் கதிரை உறிஞ்சும், அதனால வெள்ளையாத் தெரியும். ஸ்கேன் ஓடுறது சில விநாடிதான். கதிர்வீச்சு உண்டு, ஆனா இந்த அவசரத்துல அந்த விலை நியாயம். இவருக்குச் சின்னக் கசிவு மட்டும், கண்காணிச்சாப் போதும். அதோட எடுத்த கழுத்து சி.டி.யில எலும்பு முறிவும் இல்லை.

மறுநாள் தெளிவா பேசுறார். கால் அசையுது, ஆனா ரெண்டு கையிலும் பிடி இல்லை. எலும்பு சரியா இருந்தும் ஏன்? தண்டுவடம் நசுங்கியிருக்கா? சி.டி.யில தண்டுவடம் மங்கலான சாம்பல்தான். இப்பதான் எம்.ஆர்.ஐ. பெரிய காந்தத்துக்குள்ள, உடம்புத் தண்ணியில இருக்கிற ஹைட்ரஜனை ரேடியோ அலையால தூண்டி, அது திருப்பித் தர்ற சிக்னலைப் படமாக்குது. வீங்கின இடத்துல தண்ணி அதிகம். அதனால ஒரு வகைப் படத்துல தண்டுவடத்துக்குள்ள வெளிச்சமா ஒரு திட்டு தெரியுது. கையின் பலவீனத்துக்குக் காரணம் அதுதான்.

இதை முதல்லயே ஏன் எடுக்கலை? அரை மணி நேரம் அசையாமப் படுக்கணும். காந்த அறைக்குள்ள சாதாரண ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுபோனா பறந்து வந்து அடிக்கும். உயிருக்குப் போராடுறவரை அங்கே வச்சுப் பார்த்துக்கிறது கஷ்டம்.

அடுத்த தடவை ஸ்கேன் எழுதிக் கொடுத்தா, "டாக்டர், இதுல என்ன தேடுறீங்க?"ன்னு கேளுங்க. எந்த ஸ்கேன்ங்கிறதுக்கு அதுலயே பதில் இருக்கும்.