விதியைக் கடைசியில் சொல்லுங்கள்

வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 டிகிரி என்று எடுத்தவுடனே சொல்லிவிடாதீர்கள். சொன்னால், இரண்டு கோணங்களை மட்டும் அளந்துவிட்டு, மூன்றாவதைக் கழித்து எழுதிவிடுவார்கள்.

பெரிய முக்கோணமாக வரைந்து, வெட்டி, பாகைமானியால் மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். 62, 71, 46 என்று வந்தால் மொத்தம் 179. இன்னொரு முக்கோணத்தில் 181 வரலாம். அதைத் திருத்த வேண்டாம், அப்படியே எழுதட்டும். 235 வந்தால் மட்டும் கவனியுங்கள். பாகைமானியில் இரண்டு வரிசை எண்கள் உண்டு. 62-க்குப் பதில் 118-ஐப் படித்திருப்பார்கள். "இந்தக் கோணம் நோட்டின் மூலையைவிடச் சின்னதா, பெரியதா?" என்று கேளுங்கள். அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது மடிப்பு. மிக நீளமான பக்கம் கீழே இருக்கட்டும். அந்தப் பக்கம் தன்மேலேயே படியும்படி, மேல்முனை வழியாக ஒரு மடிப்புப் போட்டுப் பிரியுங்கள். மடிப்பு கீழ்ப்பக்கத்தைத் தொடும் இடத்தில் புள்ளி வையுங்கள். மேல்முனையை அந்தப் புள்ளிக்கு மடியுங்கள். பிறகு இடமுனை, வலமுனை இரண்டையும் அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். மூன்று கோணங்களும் இடைவெளி இல்லாமல் நேர்கோட்டில் உட்காரும். நேர்கோடு 180 டிகிரி என்பது பாகைமானியிலேயே தெரியும்.

179-ம் 181-ம் அளந்ததில் வந்த சிறு பிசகு என்பது அப்போது புரியும். வேறு வடிவ முக்கோணங்களையும் மடித்துப் பார்த்த பின், விதியைப் பிள்ளையே சொல்லட்டும். எல்லா முக்கோணத்துக்கும் இது ஏன் பொருந்துகிறது என்ற நிரூபணம், இணைகோடுகள் படிக்கும்போது வரும்.