ஊட்டியில் இறங்காத டிக்காஷன்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி தேர்வில், "நீர் 93 டிகிரியில் கொதிக்கும்" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன். "ஊட்டியில் பாட்டி வீட்டில் அளந்து பார்த்தேன் சார்" என்றாள். "புத்தகத்தில் உள்ளதை எழுதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த கோடையில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனோம். வாடகை வீட்டில் நானே காபி போட்டேன். திருவெறும்பூரில் போடும் அதே பொடி, அதே பில்டர். ஆனால் டிக்காஷன் வெளிறி, லேசான புளிப்போடு இறங்கியது. தீயைக் கூட்டி மறுபடி நீரைக் கொதிக்கவைத்து ஊற்றினேன், மாற்றமில்லை. அப்போதுதான் அந்த மாணவியின் விடைத்தாள் நினைவுக்கு வந்தது.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. அதனால் நீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. தோராயமாக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். 2,240ஐ 300ஆல் வகுத்தால் ஏழரை. ஆக, கொதிநிலை சுமார் 92.5 டிகிரி. தீயைக் கூட்டினால் நீர் வேகமாக ஆவியாகுமே தவிர, சூடு ஏறாது.

காபிக்கு 92 டிகிரி போதுமான சூடுதான். சிக்கல் பில்டரில் இருந்தது. குளிரில் சில்லிட்ட பாத்திரத்தில் ஊற்றியதும் நீரின் சூடு மேலும் இறங்கிவிட்டது; பொடியின் சாறு முழுதாக இறங்கவில்லை. வெளிறிய நிறமும் புளிப்பும் அதற்கு அடையாளம்.

மறுநாள் முறையை மாற்றினேன். முதலில் கொதிநீரை ஊற்றி பில்டரைச் சூடாக்கி, அந்த நீரைக் கொட்டினேன். பிறகு பொடியைப் போட்டு, நீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றி, உடனே மூடி, கனத்த துணியால் சுற்றிவைத்தேன். டிக்காஷன் கெட்டியாக இறங்கியது. பொடியைச் சற்று நைசாக அரைத்தாலும் உதவும். அளவு மீறினால் துளைகள் அடைத்து, சொட்டுவதே நின்றுவிடும்.

தேயிலைக்குச் சூடு இன்னும் அதிகம் வேண்டும். கொதிநீரை ஊற்றி ஊறவைப்பதைவிட, அடுப்பிலேயே கொதிக்கவிடுவது நல்லது. வீட்டில் இரண்டு நிமிடம் என்றால் அங்கே நான் நான்கு நிமிடம் விட்டேன். ரொம்ப நேரம் விட்டால் துவர்ப்பு மிஞ்சும். ருசி பார்த்து இறக்க வேண்டும்.

நம் எறும்பீஸ்வரர் மலை மேல் அடுப்பு மூட்டினாலும் இந்த வேறுபாடு தெரியாது. குன்று அவ்வளவு சிறியது. அதனால்தான் நமக்கு 100 என்பது மாறாத எண்ணாகவே தோன்றுகிறது.

பள்ளி திறந்ததும் அந்த மாணவியை அழைத்து, விடைத்தாளில் நான் செய்த தவற்றைச் சொன்னேன். இப்போது கரும்பலகையில், "கடல்மட்டக் காற்றழுத்தத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்" என்று முழுதாக எழுதுகிறேன். வேறு எண்ணை யாராவது எழுதினால், அடிப்பதற்கு முன் "எந்த ஊரில் அளந்தாய்?" என்று கேட்கிறேன்.