சிவப்பு விளக்கும் முந்நூறு தொலைபேசிகளும்



1985 ஜூலை 13, சனிக்கிழமை. எத்தியோப்பியாவின் பஞ்சத்துக்கு நிதி திரட்ட லண்டன் வெம்ப்ளி அரங்கிலும், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் ‘லைவ் எய்ட்’ இசை நிகழ்ச்சி நடந்தது. இரண்டு ஊரையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 16 மணி நேர நேரலை. பாப் கெல்டாஃப் என்ற பாடகர் முன்நின்று நடத்தியது. அதில் யார் எப்படிப் பாடினார்கள் என்பதைப் பலரும் பேசிவிட்டார்கள். பணம் எப்படி வந்தது, ஏன் முதலில் வரவில்லை என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. செயற்கைக்கோள் இணைப்பு குறித்த நிமிடத்தில் கிடைக்கும், குறித்த நிமிடத்தில் போய்விடும். லண்டனில் ஒரு குழு பத்து நிமிடம் கூடுதலாகப் பாடினால், ஃபிலடெல்ஃபியாவில் தயாராக நிற்பவரின் பாட்டு உலகத்துக்குப் போகாது. அதனால் ஒரு குழுவுக்குச் சுமார் 20 நிமிடம் என்று வரையறுத்தார்கள். வெம்ப்ளியில் சுழலும் மேடை போட்டு, அதை மூன்று பங்காகப் பிரித்தார்கள். கல்யாண வீட்டில் ஒரு பந்தி சாப்பிடும்போதே அடுத்த பந்திக்கு இலை போடுவார்களே, அது போல ஒரு பங்கில் பாட்டு நடக்கும், இன்னொன்றில் அடுத்த குழுவின் கருவிகள் ஏறும், மூன்றாவதில் பாடி முடித்தவர்களின் கருவிகள் இறங்கும். பாடுகிறவர்கள் கண்ணில் படும்படி போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளும் இருந்தன. பச்சை என்றால் பாடலாம், மஞ்சள் என்றால் முடிக்க வேண்டும், சிவப்பு என்றால் இறங்க வேண்டும்.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் கட்டுப்படாதவை உண்டு. யூ2 என்ற ஐரிஷ் குழு அன்று மூன்று பாட்டு பாடுவதாக இருந்தது. இரண்டாவது பாட்டின் நடுவே பாடகர் போனோ மேடையை விட்டுக் கீழே குதித்து, கூட்டத்திலிருந்த ஒரு பெண்ணோடு ஆடினார். பாட்டு 12 நிமிடத்தை நெருங்கிவிட்டது. மூன்றாவது பாட்டு போயே போயிற்று. அப்போது அதுதான் அவர்களுடைய மிகப் பிரபலமான பாட்டு. கூடுதலாக எடுத்த நேரத்தை அவர்கள் தங்கள் பங்கிலிருந்தே கொடுத்தார்கள், அடுத்தவர் பங்கில் கை வைக்கவில்லை. நேரலையில் இது எழுதாத சட்டம்.

இனி பணத்துக்கு வருவோம். பிபிசி 300 தொலைபேசி இணைப்புகளை ஏற்பாடு செய்து, ஆட்களை உட்கார வைத்திருந்தது. கடன் அட்டை வைத்திருப்பவர்கள் தொலைபேசியிலேயே கொடுக்கலாம். காசோலை அனுப்புகிறவர்களுக்கு ஒரு தபால் முகவரி. இந்த எண்ணையும் முகவரியையும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை அறிவித்தார்கள்.

300 இணைப்பு என்றால் ஏராளம் என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெயர், முகவரி, அட்டை எண், எவ்வளவு தொகை என்று கேட்டு, எழுதி, திரும்பப் படித்துக் காட்ட மூன்று நிமிடமாவது ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிமிடத்துக்கு 100 அழைப்புகள்தான் எடுக்க முடியும். அறிவிப்பு வந்த அடுத்த நிமிடம் ஆயிரம் பேர் எண்ணைச் சுழற்றினால், எல்லா இணைப்புகளும் காலியாக இருந்தாலும் 700 பேருக்கு ‘எங்கேஜ்டு’ சத்தம்தான். அவர்களில் பலர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள், அந்தப் பிறகு வராமலே போகும். அறிவிப்பு முடிந்ததும் பிடித்த குழு மேடையேறிவிட்டால், எழுந்து போக நினைத்தவரும் உட்கார்ந்துவிடுவார், அங்கே இணைப்புகள் சும்மா கிடக்கும். நிகழ்ச்சியின் நல்ல கட்டங்களில் தொலைபேசி அடிக்காது என்பதுதான் நேரலையில் நிதி திரட்டுகிறவர்களின் பெரிய கவலை. பாட்டு ஆளைப் பெட்டியின் முன் கட்டிப்போடுகிறது. பணம் வர வேண்டுமானால் அவர் அங்கிருந்து எழுந்திருக்க வேண்டும்.

வெம்ப்ளியிலும் அதுவே நடந்தது. ஏறக்குறைய ஏழு மணி நேரம் கழிந்தபின் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கெல்டாஃப் கேட்டார். சுமார் 12 லட்சம் பவுண்டு என்றார்கள். அப்போதுதான் க்வீன் குழு அரங்கத்தையே கையில் வைத்திருந்துவிட்டு இறங்கியிருந்தது. கெல்டாஃப் நேரே பிபிசியின் வர்ணனை மேசைக்குப் போய் உட்கார்ந்தார். தொகுப்பாளர் வழக்கம்போல் தபால் முகவரியைச் சொல்லத் தொடங்க, கெல்டாஃப் இடைமறித்தார். முகவரி கிடக்கட்டும், தொலைபேசி எண்ணைச் சொல்லுங்கள் என்று கெட்ட வார்த்தையோடு மேசையில் அடித்துச் சொன்னார். அது நேரலையில் அப்படியே போயிற்று.

அந்தக் கோபத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அதில் இருக்கும் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது. சனிக்கிழமை மாலை ஒருவர் முகவரியைக் குறித்துக்கொண்டால், திங்கட்கிழமைதான் காசோலையைத் தபாலில் போடுவார். நடுவில் ஒரு ஞாயிறு இருக்கிறது, மனசு ஆறிவிடும். தொலைபேசியில் அட்டை எண்ணைச் சொன்னவர் அந்த நிமிடமே கொடுத்துவிட்டார். கெல்டாஃப் கேட்டது அந்த நிமிடத்தை.

அதற்குப் பிறகு விநாடிக்கு 300 பவுண்டு வந்தது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். நமது மூன்று நிமிடக் கணக்கின்படி பார்த்தால், ஒவ்வொரு அழைப்பிலும் 180 பவுண்டு வந்திருக்க வேண்டும். பிபிசியின் 300 இணைப்புகள் மட்டும் அதைச் செய்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பணம் பாய்ந்து வந்தது என்பதில் ஐயமில்லை.

அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் இன்னொன்றும் நடந்தது. பாடகர் டேவிட் போவி தன்னுடைய ஒரு பாட்டை முன்கூட்டியே விட்டுக்கொடுத்திருந்தார். அந்தச் சில நிமிடங்களில், கனடாவின் சிபிசி தொலைக்காட்சிக் குழு எத்தியோப்பியாவில் எடுத்த காட்சிகளைத் திரையில் ஓட்டினார்கள். எலும்பும் தோலுமான குழந்தைகள், நிற்க முயன்று விழும் ஒரு சிறுவன். அரங்கில் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது. நன்கொடை மறுபடி உயர்ந்தது. நட்சத்திரம் ஒருவர் தன் நேரத்தில் பாடாமல் விட்டதுதான் அன்று மிகுந்த பலன் தந்தவற்றுள் ஒன்று என்பேன். நிகழ்ச்சி நிரல் போடுகிறவர்கள் விருந்தினர் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் போவியின் அந்த நிமிடங்கள் நினைவுக்கு வரும்.

தொலைபேசியில் அட்டை எண்ணைச் சொல்லாமல் வாக்கு மட்டும் கொடுப்பவர்களும் உண்டு. வாக்குக் கொடுத்த தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் உள்ள இடைவெளி, தொலைபேசியை நம்பும் எந்த நிகழ்ச்சியையும் விடாது. திரையில் ஓடும் எண் பெரும்பாலும் வாக்குறுதிகளின் கூட்டுத்தொகை. மறுநாள் நினைவூட்டல் கடிதம் அனுப்பி, வசூலித்து, வராததைக் கழித்தபின்தான் உண்மைத் தொகை தெரியும்.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் இதற்கு வேறு வழி கண்டார்கள். அங்கே 1978 டிசம்பரில், உடல் ஊனமுற்ற குழந்தைகளின் மறுவாழ்வுக்காக, டான் ஃபிரான்சிஸ்கோ என்ற தொகுப்பாளர் 27 மணி நேர ‘டெலட்டான்’ நிகழ்ச்சியைத் தொடங்கினார். மக்கள் பாங்கோ தெ சிலே வங்கியின் கிளைகளுக்கே நேரில் போய்ப் பணம் கட்டினார்கள். வரிசையில் நின்று கட்டிய பணம் என்பதால் அதைப் பின்னால் யாரும் மறந்துவிட முடியாது. இன்றும் அந்த நிகழ்ச்சியில் தொகையை அறிவிப்பது வங்கியின் கணக்கை வைத்துத்தான்.