ஞாயிற்றுக்கிழமை லீவுதான், ஆனால் ஓய்வு நாளா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பினாங்கைச் சேர்ந்த அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த நேரத்தில் நம்மில் பலர் வீட்டில் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும், பட்டர்வொர்த் துறைமுகத்திலும், மருத்துவமனைகளிலும், அடுக்குமாடி வாசல்களிலும் ஷிஃப்டில் நின்று கொண்டிருக்கிறார்கள். இன்று நான் பேசப் போவது அவர்களுடைய ரோஸ்டரைப் பற்றி.

என் அம்மா பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை செய்தார். 2014-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். காலை 7 மணி, மாலை 3 மணி, இரவு 11 மணி என்று மூன்று ஷிஃப்ட். வாரத்துக்கு ஆறு நாள் வேலை. ஒரு வாரம் காலை, அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்த வாரம் இரவு, பிறகு மீண்டும் காலை. இந்த ரோஸ்டர் தாளை எங்கள் ஜெலுத்தோங் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டி வைத்திருப்பார்.

இரவு ஷிஃப்ட் வாரம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. காலை ஏழரை மணிக்குமேல் தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்குவார். குளித்துவிட்டுப் படுத்தால் பகல் இரண்டு மணிக்கு எழுந்து சமைப்பார். அன்றிரவு தூக்கம் வராது, ஏனென்றால் ஆறு நாளாக அந்த நேரத்தில் விழித்தே பழகிய உடம்பு. ஆனால் திங்கட்கிழமை காலை 5.45-க்கு மீண்டும் பஸ் வந்துவிடும். "ஞாயிறு லீவுதானே கொடுத்தாங்க, அப்புறம் என்ன?" என்பார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய தாள் ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் எடுத்து, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது.

முப்பது மணி நேரம்

இச்சட்டத்தின் 59-ஆவது பிரிவு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு தர வேண்டும் என்கிறது. இது நம் எல்லாருக்கும் தெரியும். அதே பிரிவில் ஷிஃப்ட் தொழிலாளர்களுக்கென்று தனியாக ஒரு வரி இருக்கிறது. தொடர்ச்சியாக 30 மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளிதான் அவர்களுக்கு ஓய்வு நாள் என்று அது சொல்கிறது. ஷிஃப்ட் தொழிலாளிக்குக் காலண்டர் தேதியைப் பார்த்துப் பயனில்லை, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

அம்மாவின் ரோஸ்டரில் இதை எண்ணிப் பார்ப்போம். காலை ஷிஃப்ட் வாரம் சனிக்கிழமை மாலை 3 மணிக்கு முடிகிறது. அடுத்த வேலை திங்கட்கிழமை மாலை 3 மணிக்கு. இடையில் 48 மணி நேரம் இருக்கிறது, நல்லது. மாலை ஷிஃப்ட் வாரம் சனிக்கிழமை இரவு 11 மணிக்கு முடிந்து, திங்கட்கிழமை இரவு 11 மணிக்கு அடுத்த வேலை தொடங்குகிறது. அதுவும் 48 மணி நேரம்தான். ஆனால் இரவு ஷிஃப்ட் வாரத்தின் கடைசி வேலை சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு காலை 7 மணிக்கு முடிகிறது. அடுத்த வேலை திங்கள் காலை 7 மணிக்கு. இடைவெளி 24 மணி நேரம்தான். சட்டம் சொல்லும் 30-க்கு ஆறு மணி நேரம் குறைகிறது.

தாளில் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் "ஓய்வு" என்றுதான் எழுதியிருக்கும். மூன்றாவது ஞாயிறு மட்டும் சட்டப்படி ஓய்வு நாள் அல்ல. ஆண்டுக்கு 52 வாரம் என்றால் சுமார் 17 முறை இப்படி வரும். இரவிலிருந்து காலைக்கு மாறும் அந்த ஒரே ஒரு மூட்டில்தான் பழுது இருக்கிறது. இரவு வாரத்தை வெள்ளிக்கிழமை இரவோடு முடித்திருந்தால், சனி காலை 7-லிருந்து திங்கள் காலை 7 வரை 48 மணி நேரம் கிடைத்திருக்கும். அல்லது இரவுக்குப் பின் காலை ஷிஃப்டுக்குப் பதிலாக மாலை ஷிஃப்ட் போட்டிருந்தால் 32 மணி நேரம் வந்திருக்கும்.

இதில் பணமும் இருக்கிறது. மாதச் சம்பளம் 2,080 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 80 வெள்ளி. ஓய்வு நாளில் ஒரு முழு ஷிஃப்ட் வேலை செய்த மாதச் சம்பளக்காரருக்கு, மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரு நாள் சம்பளம் சேர்த்துத் தர வேண்டும். அரை ஷிஃப்டுக்குள் முடிந்தால் அரை நாள் சம்பளம். நாள் சம்பளக்காரராக இருந்தால் முழு ஷிஃப்டுக்கு இரண்டு நாள் சம்பளம். முப்பது மணி நேரம் கிடைக்காத வாரத்தில், நான் ஓய்வு நாளில் வேலை செய்திருக்கிறேன் என்று கணக்குக் கேட்க இடமிருக்கிறது. ஒரு முறைக்கு 80 வெள்ளி, ஆண்டுக்கு 17 முறை என்றால் 1,360 வெள்ளி. அம்மா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநரிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து அனுமதி பெற்ற முதலாளி, ஒரு வாரத்து ஓய்வு நாளை அந்த மாதத்துக்குள் வேறொரு நாளில் கொடுக்கலாம். ஆகவே குறைந்து போனால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். "அந்த அனுமதி இருக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள்.

சாப்பாட்டு மணி யாருடையது?

அடுத்தது வேலை நேரம். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வாரத்துக்கு 48 மணி என்பது 45 மணியாகக் குறைந்திருக்கிறது. ஷிஃப்ட் வேலையில் ஒரு நாள் எட்டு மணியைத் தாண்டலாம், ஒரு வாரம் 45-ஐத் தாண்டலாம். ஆனால் மூன்று வாரச் சராசரி 45-ஐத் தாண்டக் கூடாது. அதைவிட நீண்ட காலத்துக்குச் சராசரி பார்க்க வேண்டுமானால் தலைமை இயக்குநர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே "போன வாரம் 48 மணி நேரம் ஆகிவிட்டது" என்று ஒரு வாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு புகார் செய்தால் அது நிற்காது. மூன்று வாரத்தையும் கூட்டி, மூன்றால் வகுக்க வேண்டும்.

இப்போது பல இடங்களில் நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு என்று 12 மணி ஷிஃப்ட் நடக்கிறது. சில மூன்று வாரங்களில் இதில் 12 ஷிஃப்ட் வந்து விழும். பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 144 மணி, வாரச் சராசரி 48. வரம்பைத் தாண்டிவிட்டது. ஆனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு விட்டிருந்தால் வேலை 11 மணி நேரம்தான். அப்போது மொத்தம் 132, சராசரி 44. வரம்புக்குள் வந்துவிடுகிறது.

பார்த்தீர்களா, எல்லாம் அந்தச் சாப்பாட்டு மணியில் நிற்கிறது. தொழிலாளி தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாமல், முதலாளியின் வசம் இருக்கும் நேரம்தான் வேலை நேரம் என்று சட்டம் விளக்கம் தருகிறது. நீங்கள் கேண்டீனுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டுக் கைத்தொலைபேசியில் பிள்ளையோடு பேசிவிட்டு வந்தால் அந்த மணி உங்களுடையது. இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று, ஒரு கண் திரையில் வைத்துக்கொண்டு ரொட்டியைக் கடித்தால் அது வேலை நேரம்.

ஜாகா வேலைக்காரரின் கணக்கு

அடுக்குமாடி வாசலில் பாதுகாவலராக இருக்கும் பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். தினம் 12 மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். மாற்று ஆள் கிடையாது, வாசலை விட்டு நகரவும் முடியாது. சாப்பாடு அந்தச் சிறு அறையிலேயே. ஆகவே 12-உம் வேலை நேரம்தான்.

ஓ.டி.க்கு மாதத்துக்கு 104 மணி நேரம் என்று ஒரு வரம்பு உண்டு. எட்டு மணிக்குமேல் தினம் நான்கு மணி, 26 நாளைக்கு என்று பெருக்கினால் சரியாக 104 வரும். பழைய 48 மணி வாரத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தி வந்தது. இப்போது வாரம் 45 மணி. ஐயா செய்வது 72 மணி. கழித்தால் வாரத்துக்கு ஓ.டி. 27 மணி நேரம், நான்கு வாரத்துக்கு 108. மாதம் முடிவதற்கு முன்னரே வரம்பு தாண்டிப் போகிறது. ரோஸ்டர் மாறவில்லை, சட்டம் மாறியிருக்கிறது. அது ஐயாவுக்குத் தெரியாது.

அவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. காலையில் மாற வேண்டியவர் வராவிட்டால், "இன்னும் நாலு மணி நேரம் பார்த்துக்கோங்க அங்கிள்" என்று போன் வரும். ஒரு நாளில் 12 மணிக்குமேல் எந்தத் தொழிலாளியையும் வேலை வாங்கக் கூடாது. விபத்து, இயந்திரத்தில் அவசரப் பழுது, முன்கூட்டி எதிர்பார்க்க முடியாத தடங்கல் போன்ற சில காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரு முறை திடீரென்று ஆள் வராமல் போவது வேறு. வாரா வாரம் ஆள் வராமல் போவதை எதிர்பாராதது என்று யாரும் சொல்ல முடியாது.

"கையெழுத்துப் போட்டுவிட்டேனே தம்பி" என்றார் ஐயா. போட்டிருக்கட்டும். சட்டத்தைவிடக் குறைவான நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த நிபந்தனை செல்லாது, சட்டத்தில் உள்ளதே அந்த இடத்தில் நிற்கும். சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு ஓ.டி. பணமும் ஓய்வு நாள் பணமும் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் ஓய்வு நாளும் நேர வரம்பும் அவர்களுக்கும் உண்டு.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும் அல்லவா? ஓய்வு நாள் எப்போது என்று காட்டும் ரோஸ்டரை மாதம் தொடங்குமுன் முதலாளி தயாரித்துத் தெரிவிக்க வேண்டும், அதை ஆறு ஆண்டு பாதுகாத்தும் வைக்க வேண்டும். நீங்களும் ஒட்டிய அன்றே அதை ஒரு படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் மாத நடுவில் பேனாவால் திருத்துவது வழக்கம். வேலைக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம், சாப்பிடப் போன நேரம் மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். சம்பளச் சீட்டை அதோடு சேர்த்து வையுங்கள். இவ்வளவும் கையில் இருந்தால் முதலில் மேற்பார்வையாளரிடமோ தொழிற்சங்கத்திடமோ பேசலாம். சரிப்படவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

அம்மாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வெகுநேரம் பார்த்தார். "பணம் போனாப் போவுது. அந்த ஞாயித்துக்கிழமைகள்ல உங்களோட உட்காரக்கூட முடியலையேடா" என்றார். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டு ரோஸ்டரை எடுங்கள். கடைசி ஷிஃப்ட் முடிந்த மணியிலிருந்து அடுத்த ஷிஃப்ட் தொடங்கும் மணி வரை விரல் விட்டு எண்ணுங்கள். முப்பது வருகிறதா என்று பாருங்கள்.