ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் இருப்பிடம்: 16 ஆண்டு நீடித்த ஒரு தவறான விடை

ரத்தத்தில் ஓடும் ஈஸ்ட்ரோஜன் உடம்பின் எல்லாச் செல்களையும் தொட்டுத்தான் போகிறது. ஆனால் கருப்பை மட்டும் ஏன் வளர்கிறது? அந்த ஹார்மோன் செல்லுக்குள் யாரைச் சந்திக்கிறது, எந்த இடத்தில் சந்திக்கிறது? இன்றைய காணொளி இந்தக் கேள்விகளின் வரலாறு.

1950களில் பெரும்பாலோர் நம்பிய விளக்கம் இது: ஈஸ்ட்ரோஜன் நொதிகளின் கையில் வேதிமாற்றம் அடைகிறது, அந்த மாற்றத்தின் வழியாகத்தான் வேலை செய்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சனும் ஹெர்பர்ட் ஜேக்கப்சனும் இதைச் சோதிக்க ஒரு வழி கண்டார்கள். ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ரடையாலில் கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜனான டிரிஷியத்தைச் சேர்த்தார்கள். அதை மிக நுண்ணிய அளவில் பருவமடையாத பெண் எலிகளுக்குச் செலுத்தினார்கள். ரத்தத்திலும் ஈரலிலும் ஏறிய கதிரியக்கம் சீக்கிரமே இறங்கிவிட்டது. கருப்பையிலோ மணிக்கணக்கில் தங்கியது. எடுத்துப் பார்த்தால், ஹார்மோன் வேதிமாற்றம் எதுவும் அடையாமல் போட்டபடியே இருந்தது. அப்படியென்றால் கருப்பைச் செல்லில் அதைப் பிடித்துவைக்கும் ஏதோ ஒன்று இருக்கவேண்டும். 1958இல் வியன்னா மாநாட்டில் ஜென்சன் இதைச் சொன்னபோது அரங்கில் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

1966இல் டேவிட் டாஃப்டும் ஜாக் கோர்ஸ்கியும் எலிக் கருப்பையிலிருந்து அந்தப் பிடிக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது ஒரு புரதம். அதுதான் ஏற்பி.

இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ஏற்பியைத் தேட அன்று இருந்த வழி, திசுவைக் கரைசலில் அரைத்து, மையவிலக்கியில் சுழற்றுவது. உட்கரு அடியில் படியும். மற்றவை மேலே நீராக நிற்கும். ஹார்மோன் கொடுக்காத எலியில் ஏற்பி மேல்நீரில் கிடைத்தது. ஹார்மோன் கொடுத்த எலியில் உட்கருவோடு அடியில் கிடைத்தது. 1968இல் ஜென்சன் குழுவும் கோர்ஸ்கி குழுவும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன: ஏற்பி சைட்டோபிளாசத்தில் காத்திருக்கிறது, ஹார்மோன் வந்து ஒட்டியதும் இரண்டும் சேர்ந்து உட்கருவுக்குள் போகின்றன. பாடப்புத்தகங்களிலும் அந்தப் படமே ஏறியது.

இதைக் கலைத்தவை 1984இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள். சிகாகோவில் வில்லியம் கிங்கும் ஜெஃப்ரி கிரீனும் ஏற்பியை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடியால் திசுவை, அரைக்காமல், அப்படியே சாயமேற்றினார்கள். ஹார்மோன் இல்லாத செல்லிலும் சாயம் உட்கருவில்தான் விழுந்தது. கோர்ஸ்கியின் குழு வேறு வழியில் போனது. சைட்டோகலாசின் என்ற மருந்தைக் கொடுத்துச் சுழற்றினால், உயிருள்ள செல்லிலிருந்து உட்கரு மெல்லிய சவ்வு போர்த்தபடி தனியே கழன்று வரும். அப்படிப் பிரித்தபோது, ஹார்மோன் ஒட்டாத ஏற்பியில் பெரும்பகுதி உட்கருப் பக்கமே இருந்தது.

பழைய முடிவு எங்கே தவறியது? ஹார்மோன் ஒட்டாத ஏற்பி உட்கருவில் தளர்வாகத்தான் பிடித்திருக்கிறது. அரைத்ததும் அது கரைசலில் கசிந்துவிட்டது. ஹார்மோன் ஒட்டியது இறுகப் பற்றிக்கொண்டதால் கசியவில்லை. ஆராய்ச்சியாளர்கள் அளந்தது பிடிப்பின் இறுக்கத்தை, படித்துக்கொண்டது இருப்பிடமாக. 1968இன் படத்தை வரைந்த கோர்ஸ்கியின் ஆய்வகமே, ஜென்சனின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, அதை அழித்தது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லவேண்டும். எல்லா ஸ்டீராய்டு ஏற்பிகளும் இப்படி இல்லை. கார்டிசால் ஏற்பி உண்மையிலேயே சைட்டோபிளாசத்தில் துணைப்புரதங்களோடு காத்திருந்து, ஹார்மோன் வந்தபின் உள்ளே போகிறது.

உட்கருவுக்குள் அதற்கு என்ன வேலை? 1986இல் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு வரிசை வெளியானது. புரதத்தின் நடுவில் துத்தநாக அணுக்களைப் பிடித்து மடிந்த ஒரு பகுதி. ஒரு முனையில் ஹார்மோன் உட்காரும் குழி. 1987இல் ஸ்டிராஸ்பர்கில் ஸ்டீபன் கிரீனும் பியர் ஷாம்போனும் அந்த நடுப்பகுதியை வெட்டியெடுத்து, கார்டிசால் ஏற்பியின் நடுப்பகுதியை அங்கே வைத்தார்கள். அந்தக் கலப்புப் புரதம் ஈஸ்ட்ரோஜனுக்கு விழித்தது, ஆனால் கார்டிசாலுக்கு உரிய மரபணுவை இயக்கியது. எந்த மரபணு என்பதைத் தீர்மானிப்பது நடுப்பகுதி, எப்போது என்பதைத் தீர்மானிப்பது குழி என்று இதனால் தெளிவானது. இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து டி.என்.ஏ.வில் தமக்குரிய வரிசையில் அமர்கின்றன. உதவிப் புரதங்களை அழைத்து, மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் வேலையை முடுக்குகின்றன. மார்பகப் புற்றுக்குத் தரும் தமாக்ஸிஃபென் மாத்திரையும் அதே குழியில்தான் உட்காருகிறது. ஆனால் அது உட்கார்ந்தால் ஏற்பியின் வால்பகுதி இடம்மாறி, உதவிப் புரதம் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜனால் வளரும் புற்றுச் செல்லின் வளர்ச்சி அங்கே தடைபடுகிறது.

1984இன் பாடம் இன்றும் ஆய்வகங்களில் நடைமுறையில் இருக்கிறது. மார்பகப் புற்றில் இந்த ஏற்பி இருக்கிறதா என்று பார்க்கத் திசுவை இப்போது அரைப்பதில்லை. மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றுகிறார்கள். நோயியல் மருத்துவர் சாயம் ஏறிய உட்கருக்களை மட்டுமே கணக்கில் எடுக்கிறார். புற்றுச் செல்களில் நூற்றுக்கு ஒன்றிலாவது உட்கரு சாயமேறியிருந்தால் ‘இ.ஆர். பாசிட்டிவ்’. உங்கள் வீட்டில் யாருக்காவது அந்த அறிக்கை வந்தால், பாசிட்டிவ் என்ற சொல்லோடு நிற்காமல் சதவீதம் எவ்வளவு என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். ஹார்மோன் சிகிச்சையால் எவ்வளவு பயன் எதிர்பார்க்கலாம் என்பதை அவர் அந்த எண்ணையும் பார்த்துத்தான் சொல்வார்.