படத்தில் வரும் பிரமாணப் பத்திரம்
(ஊராட்சிச் செயலர்களுக்கான பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி சான்றளித்த பிரமாணப் பத்திரங்கள், இப்பொழுது கைப்பேசிப் படங்களாகவே நம்மிடம் வருகின்றன. அவற்றிலிருந்து முத்திரை மதிப்பு, தேதி, பிரமாணம் செய்தவர் பெயர் ஆகிய மூன்றையும் பதிவேட்டில் ஏற்றுகிறோம். ஒரே தாளில் இரண்டு தேதிகளும் மூன்று நான்கு பெயர்களும் காணப்படுவதே இதிலுள்ள இடர்ப்பாடு.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கணவனை இழந்த தாய் ஒருவர் வாரிசு குறித்துப் பிரமாணம் செய்கிறார். தாள்களை வாங்கி வந்தவர் அவருடைய மகன். நூறு ரூபாய்த் தாள்கள் இரண்டு. மார்ச்சு 3-ஆம் நாள் வாங்கியவை. 11-ஆம் நாள் நோட்டரி முன் கையொப்பமானவை.

முதலில் மதிப்பு. தாளின் மேற்பகுதியில் அது எண்ணாலும் எழுத்தாலும் அச்சிடப்பட்டிருக்கும். எண் மங்கியிருப்பின் எழுத்தோடு ஒப்பிடுக. முதல் தாளின் படம் மட்டும் வந்தால் நூறு என்றே எழுதிவிடுவோம். உண்மையில் மதிப்பு இருநூறு. ஆகவே எல்லாத் தாள்களின் இரு பக்கப் படங்களையும் கேட்டுப் பெறல் வேண்டும். நோட்டரி ஒட்டும் சிறு வில்லையின் தொகை வேறு. அதனை இதனோடு கூட்டலாகாது.

அடுத்தது தேதி. விற்பனையாளர் தம் முத்திரையருகே எழுதிய 3-ஆம் நாள், தாள் விற்ற நாளேயாகும். நோட்டரியின் கையொப்பத்தருகே உள்ள 11-ஆம் நாளே நமக்கு வேண்டியது. விற்ற நாள் சான்றளித்த நாளுக்குப் பிந்தியிருந்தால் ஏதோ பிழை உண்டு. மூலத்தைக் காணாமல் ஏற்கலாகாது. தாள் வாங்கி ஆறு மாதமாகிவிட்டது என்பதற்காக மட்டும் தள்ளிவிடவும் வேண்டாம். அந்தக் காலவரம்பு, பயன்படாத தாளைக் கொடுத்துப் பணம் திரும்பப் பெறுவதற்கே உரியது என உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாக்கியுள்ளது.

மூன்றாவது பெயர். விற்பனையாளர் எழுதியிருப்பது தாள் வாங்கிய மகனின் பெயர். பிரமாணம் செய்தவரோ தாய். தொடக்க வாசகத்தில் வரும் பெயரையும், இறுதியில் கையொப்பம் அல்லது கைரேகையருகே உள்ள பெயரையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்தால் எழுதுக. தொடக்கத்தில் "இன்னாரின் மனைவி" என வரும் கணவர் பெயரும், அடையாளம் காட்டிய வழக்கறிஞர் பெயரும் வேறு. இங்கே மகன் பெயரை ஏற்றிவிட்டால், தாயின் உறுதிமொழியே கோப்பில் இல்லை என்று விண்ணப்பம் திரும்பிவிடும்.

பெரும்பாலும் நோட்டரியின் வட்ட முத்திரை தேதியின்மேலேயே விழுந்திருக்கும். 1, 7 என்னும் எண்களும், 3, 8 என்னும் எண்களும் அங்கே மயங்கும். அத்தகைய இடத்தில் ஊகித்து எழுதாதீர்கள். கட்டத்தை வெறுமையாக விட்டு, "தெளிவில்லை" எனக் குறித்து, தாளைச் சமமாக விரித்து நிழல்படாத பகல் வெளிச்சத்தில் மறுபடம் எடுத்தனுப்பச் சொல்லுங்கள். அதிலும் தெளியாவிடின் மூலத்தைப் பார்த்து நிரப்புங்கள்.